அம்புக்குறிகளில் அடங்கும் நோய் எதிர்ப்பு

நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய வகுப்புரை பெரும்பாலும் செல்களின் அறிமுக விழாவாகவே நடக்கிறது. முதலில் பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பாற்றல் வரும். அதில் மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில், இயற்கைக் கொல்லி செல் என ஒவ்வொன்றாக அறிமுகமாகும். பிறகு வாழ்நாளில் பெறும் எதிர்ப்பாற்றல், அதில் டி செல்கள், பி செல்கள், அவற்றின் உட்பிரிவுகள். இடையிடையே எண் ஒட்டிய இன்டர்லூக்கின் பெயர்கள். வகுப்பு முடியும்போது மாணவரின் ஏட்டில் நீளமான ஒரு பட்டியல் சேர்ந்திருக்கும். எந்தச் செல் எதை எழுப்புகிறது, எது எதை நிறுத்துகிறது, ஒன்று இல்லாவிட்டால் எது நடக்காமல் போகும் என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டியலில் விடை இருக்காது. அந்த விடைகளை வெளியே கொண்டுவருவதற்குத்தான் வகுப்புரை பாய்வுப் படமாக மாற்றப்படுகிறது.

இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு இன்ஃப்ளூயன்சா. வைரஸ் நுழையும் இடம் தெளிவானது: மூச்சுக்குழாயின் உள்தோல் செல்கள். நோய் தொடங்கிச் சில நாட்களில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. பிறவி எதிர்ப்பும் பெறும் எதிர்ப்பும் இதில் அடுத்தடுத்துப் பங்கேற்கின்றன. காய்ச்சல், உடல்வலி, குணமடைதல், மறுமுறை தொற்றாமல் இருத்தல் என எல்லோரும் அறிந்த விளைவுகள் படத்தின் ஓரங்களில் நிற்கும்.

படம் வரைவதற்கு முன் வகுப்புரையின் வாக்கியங்களைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் நான்கு செய்திகள் தேடப்படுகின்றன: அனுப்புவது யார், அனுப்பப்படும் சமிக்ஞை எது, பெறுவது யார், பெற்றபின் நடப்பது என்ன. ‘வைரஸ் தொற்றும்போது இன்டர்ஃபெரான் சுரக்கப்படுகிறது’ என்று வகுப்பில் சொல்லப்பட்டிருக்கும். கேட்கும்போது முழுமையாகத் தோன்றும் இந்த வாக்கியத்தில் நான்கில் ஒன்றுதான் இருக்கிறது. சுரப்பது யார் என்பதைச் செயப்பாட்டு வினை மறைத்துவிட்டது. பெறுவது யார் என்ற பேச்சே இல்லை. பாடநூலைப் பார்த்து நிரப்பினால் அது இப்படி ஆகிறது: வைரஸ் தொற்றிய உள்தோல் செல், முதல் வகை இன்டர்ஃபெரானை, பக்கத்துச் செல்களுக்கு அனுப்புகிறது; பெற்ற செல்கள் வைரஸ் பெருக முடியாத நிலைக்குத் தங்களை மாற்றிக்கொள்கின்றன. படத்துக்குத் தேவையான உழைப்பில் பெரும்பகுதி இப்படி வெற்றிடங்களைக் கண்டுபிடித்து நிரப்புவதிலேயே போகிறது. கோடு போடும் வேலை அதற்குப் பின் எளிது.

நான்கும் கிடைத்தபின் அவற்றுக்கு வடிவம் தரலாம். செல்களுக்குப் பெட்டி, சமிக்ஞைகளுக்குப் பெயர் எழுதிய அம்பு, விளைவுகளுக்கு வட்டம். தூண்டும் சமிக்ஞையின் கோடு கூர்முனையில் முடியும். தடுக்கும் சமிக்ஞையின் கோடு குறுக்குக் கட்டையில் முடியும். பெயர் எழுதாத அம்பு எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. பெயரில்லாத அம்பு ‘இதற்குப் பின் இது’ என்று மட்டுமே சொல்லும். ‘இதனால் இது’ என்று சொல்லாது. வகுப்பில் மேக்ரோஃபேஜுக்குப் பின் நியூட்ரோஃபில் பேசப்பட்டது என்பதற்காக இரண்டுக்கும் நடுவே அம்பு போடுவதுதான் இந்த வேலையில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை. ஆசிரியர் பேசிய வரிசை வேறு, உடலில் காரணம் செல்லும் வரிசை வேறு.

தாளை மூன்று பட்டைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது: மூச்சுக்குழாய், நிணநீர் முடிச்சு, உடல் முழுவதும். மேலிருந்து கீழாகக் காலம் ஓடட்டும். இந்த ஏற்பாடு இல்லாத படங்களில் டென்ட்ரைட்டிக் செல்லும் டி செல்லும் மூச்சுக்குழாயிலேயே சந்தித்து, அன்றைக்கே போர் தொடங்கிவிடுவதுபோல் தோன்றும். உண்மையில் அந்தச் சந்திப்பு வேறோர் இடத்தில், நாட்கணக்கில் தாமதமாக நடக்கிறது.

முதல் பட்டையில் கதை சில மணி நேரங்களில் தொடங்குகிறது. உள்தோல் செல்லுக்குள் வைரஸின் ஆர்என்ஏ பெருகுகிறது. மனிதச் செல்லின் சொந்த ஆர்என்ஏவில் காணப்படாத ஒரு முனை அதில் இருக்கிறது. ‘ரிக்-ஐ’ என்ற புரதம் அந்த முனையைப் பற்றிக்கொண்டு எச்சரிக்கையைத் தொடங்கிவைக்கிறது. இதன் விளைவே இன்டர்ஃபெரான். 1957-ல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிலையத்தில் அலிக் ஐசக்ஸும் ஷான் லிண்டன்மனும் இதைக் கண்டறிந்தது இன்ஃப்ளூயன்சா வைரஸை வைத்துத்தான். வெப்பத்தால் செயலிழக்கச் செய்த வைரஸைக் கோழிக்கருவின் சவ்வோடு வைத்திருந்தார்கள். பிறகு சவ்வைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்துப் புதிய சவ்வில் சேர்த்தபோது, அந்தப் புதிய சவ்விலும் வைரஸ் பெருகுவது குறைந்தது. வைரஸால் தூண்டப்பட்ட செல்லிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறி மற்றச் செல்லைக் காக்கிறது என்பதற்கு அது சான்றானது. படத்தில் முதலில் வரையப்படும் அம்பின் வரலாறு இது.

அந்த அம்பு ஒரு நேர்க்கோடு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் வரும் இன்டர்ஃபெரான் மிகக் குறைவு. அதைப் பெற்ற செல் ‘ஐஆர்எஃப்7’ என்ற புரதத்தை அதிகம் உண்டாக்கிக்கொள்கிறது. அதே செல்லுக்குள் வைரஸ் வந்தால், அந்தப் புரதம் பல மடங்கு இன்டர்ஃபெரானைச் சுரக்கவைக்கிறது. அதாவது விளைவு திரும்பி வந்து தன் காரணத்தையே பெருக்குகிறது. படத்தில் இது ஒரு வளையமாக வரைய வேண்டிய இடம். வகுப்புக் குறிப்பில் ‘இன்டர்ஃபெரான் பெருக்கம்’ என்ற இரண்டே சொற்களாக இது கிடந்திருக்கும்.

இதே இடத்தில் வைரஸின் பக்கத்திலிருந்து ஒரு தடுப்புக் கோடும் வருகிறது. இன்ஃப்ளூயன்சா வைரஸ் தயாரிக்கும் ‘என்எஸ்1’ என்ற புரதம் இன்டர்ஃபெரான் உண்டாவதைத் தடுக்கிறது. உடலின் செல்களை மட்டும் பெட்டிகளில் போட்டு, வைரஸை மூலையில் ஒரு தொடக்கப் புள்ளியாக விட்டுவிடும் படங்களில் இந்தக் கோடு விடுபட்டுப்போகும். இவ்வளவு விரைவான எச்சரிக்கை இருந்தும் வைரஸ் முதல் இரண்டு மூன்று நாட்கள் பெருகுவது எப்படி என்பதற்கு அந்தப் படங்களில் விளக்கம் கிடைக்காது.

காய்ச்சலுக்கான கிளை குறுகியது. ஆனால் பலர் அதைத் தாவிவிடுகிறார்கள். ‘மேக்ரோஃபேஜ் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆகியவற்றைச் சுரந்து காய்ச்சலை உண்டாக்குகிறது’ என்பது வகுப்பு வாக்கியம். பெறுவது யார் என்று கேட்டால் நடுவில் இரண்டு படிகள் தெரிகின்றன. இந்தச் சமிக்ஞைகள் இரத்தத்தில் சென்று மூளையில் ஹைப்போதாலமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின்-இ2 உண்டாகச் செய்கின்றன. அதுதான் உடல் வெப்பத்தின் இலக்கை உயர்த்துகிறது. பாராசிட்டமால் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைக்கிறது. அந்த மாத்திரையையும் ஒரு தடுப்புக் கோடாகப் படத்தில் சேர்த்தால், அது காய்ச்சல் என்ற வட்டத்துக்கு மேலே மட்டுமே வெட்டுகிறது, வைரஸ் இருக்கும் பெட்டியைத் தொடவில்லை என்பது கண்ணுக்கே தெரியும்.

இப்போது பட்டை மாறுகிறது. மூச்சுக்குழாயில் வைரஸின் துண்டுகளை எடுத்துக்கொண்ட டென்ட்ரைட்டிக் செல், நிணநீர்க் குழாய் வழியே அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகிறது. இந்தச் செல்லை 1973-ல் ரால்ஃப் ஸ்டைன்மனும் ஸன்வில் கோனும் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் விவரித்தார்கள். படத்தில் இரு பட்டைகளை இணைக்கும் முக்கியமான பாலம் இதுவே. இந்த ஒரு பெட்டியை மறந்தால் பிறவி எதிர்ப்பும் பெறும் எதிர்ப்பும் தொடர்பில்லாத இரண்டு படங்களாக நிற்கும். இன்ஃப்ளூயன்சாவின் ஒரு குறிப்பிட்ட துண்டை அடையாளம் காணக்கூடிய, இதுவரை தொற்றைச் சந்திக்காத டி செல் மிக அரிது. ஏறத்தாழ ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் டி செல்களில் ஒன்றுதான் பொருந்தும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கவும், கண்டபின் அது பல ஆயிரம் செல்களாகப் பெருகவும் நாட்கள் ஆகின்றன. ஆகவே முதல் பட்டையின் அளவுகோல் மணி நேரம், இரண்டாவதன் அளவுகோல் நாள்.

டென்ட்ரைட்டிக் செல்லும் டி செல்லும் சந்திக்கும் புள்ளிதான் முழுப் படத்திலும் வரையக் கடினமானது. இங்கே மூன்று சமிக்ஞைகள் போகின்றன. முதலாவது, வைரஸ் துண்டை ஏந்திய எம்எச்சி மூலக்கூறு. எதை எதிர்க்க வேண்டும் என்பதை இது சொல்கிறது. இரண்டாவது, டென்ட்ரைட்டிக் செல்லின் மேற்பரப்பில் உள்ள பி7, டி செல்லின் சிடி28-ஐத் தொடுவது. உண்மையிலேயே ஆபத்து உண்டு என்பதை இது உறுதிசெய்கிறது. மூன்றாவது, இன்டர்லூக்கின்-12 போன்ற சைட்டோகைன். எந்த வகைப் போராளியாக மாற வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. மூன்று அம்புகளை ஒரே பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால், எந்த ஒன்று வந்தாலும் டி செல் எழும் என்று படம் சொல்லிவிடும். அது தவறு. இரண்டாவது வராமல் முதலாவது மட்டும் வந்தால் டி செல் செயலற்றுப்போகிறது; பிறகு அழைத்தாலும் எழுவதில்லை. உடல் தன் சொந்தப் புரதங்களைத் தாக்காமல் இருப்பதற்கு உதவும் ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. எனவே முதல் இரண்டு அம்புகளும் ‘இரண்டும் வேண்டும்’ என்று குறித்த ஒரு சந்திப்புப் புள்ளியில் சேர வேண்டும். அதிலிருந்து ஒரே அம்பு டி செல்லுக்குப் போக வேண்டும்.

கணினியில் வரைவோர் கிராஃப்விஸ் என்ற இலவச மென்பொருளில் இந்தச் சந்திப்பைச் சில வரிகளில் எழுதலாம்:

```
digraph {
  DC -> BOTH [label="எம்எச்சி + துண்டு"]
  DC -> BOTH [label="பி7"]
  BOTH -> T  [label="விழிப்பு"]
  DC -> T    [label="ஐஎல்-12"]
  Treg -> DC [label="சிடிஎல்ஏ-4", arrowhead=tee]
}
```

கடைசி வரியில் உள்ள `tee` என்பதே குறுக்குக் கட்டை முனை. ஒழுங்குபடுத்தும் டி செல், தன் மேற்பரப்பில் உள்ள சிடிஎல்ஏ-4 மூலம் டென்ட்ரைட்டிக் செல்லின் பி7-ஐப் பிடித்து அகற்றுகிறது. அதனால் இரண்டாவது சமிக்ஞை குறைகிறது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் பெட்டிகளை அடுக்கும் வேலையைப் பெருமளவு மென்பொருளே பார்த்துக்கொள்ளும். எந்த அம்பு எங்கே போக வேண்டும் என்பதை அது சொல்லித்தராது.

விழித்த டி செல்கள் இரண்டு வழியாகப் பிரிகின்றன. கொல்லி டி செல்கள் இரத்தம் வழியே நுரையீரலுக்குத் திரும்புகின்றன. எலிகளில் நடந்த ஆய்வுகளின்படி, முதல் தொற்றில் இவை ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் அங்கே கணிசமாகச் சேர்கின்றன. தொற்றிய செல்லின் சுவரில் பெர்ஃபோரின் துளையிட, கிரான்சைம் உள்ளே சென்று அந்தச் செல்லை அழிக்கிறது. உதவி டி செல்களோ முடிச்சிலேயே பி செல்லைச் சந்தித்து, தங்கள் மேற்பரப்பில் உள்ள சிடி40 லிகண்ட் என்ற மூலக்கூறால் அதைத் தொடுகின்றன. இன்டர்லூக்கின்-21-உம் சேரும்போது, பி செல் முதலில் தயாரித்த ஐஜிஎம் வகை ஆன்டிபாடியிலிருந்து ஐஜிஜி, ஐஜிஏ வகைகளுக்கு மாறுகிறது. இந்த இடத்தில் கிளைகள் ஓரளவு நேராக ஓடுவதால் வரைவது எளிது.

படத்தின் தொடக்கத்தைப் போலவே நிறுத்தும் கோடுகளும் முக்கியம். வகுப்புரையின் கடைசி ஐந்து நிமிடங்களில் அவசரமாகச் சொல்லப்படும் பகுதி இது. பெரும்பாலான குறிப்பேடுகளில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது. இன்ஃப்ளூயன்சா தொற்றிய எலிகளில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு இங்கே பெரிதும் உதவுகிறது. நுரையீரலுக்கு வந்து வைரஸ் தொற்றிய செல்களைக் கொல்லும் அதே டி செல்கள், அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின்-10-ஐயும் சுரக்கின்றன என்று அது காட்டியது. அந்தச் சமிக்ஞையைத் தடுத்தபோது நுரையீரல் அழற்சி மிகுந்து, எலிகள் அதிகம் இறந்தன. ஒரே பெட்டியிலிருந்து ஒரு கூர்முனைக் கோடும் ஒரு கட்டைமுனைக் கோடும் புறப்பட வேண்டும் என்பதே இதன் பொருள். கொல்லி டி செல்லைத் ‘தாக்கும் செல்’ என்ற தலைப்பின் கீழும், இன்டர்லூக்கின்-10-ஐ ‘அடக்கும் சமிக்ஞைகள்’ என்ற தலைப்பின் கீழும் தனித்தனியே வைத்த பட்டியலில் இந்த உறவுக்கு இடமே இல்லை.

வரைந்து முடித்த படம் சரியா என்று அறிய ஒரு நேரடியான சோதனை உண்டு. ஏதேனும் ஓர் அம்பை விரலால் மறைத்துவிட்டு, அதற்குக் கீழே எவையெல்லாம் நடக்காமல் போகும் என்று படத்திலிருந்தே எழுத வேண்டும். பிறகு அதே கோளாறோடு பிறந்த மனிதர்களின் நோயோடு அதை ஒப்பிட வேண்டும். இயற்கை இந்தச் சோதனைகளில் பலவற்றை ஏற்கெனவே செய்திருக்கிறது.

சிடி40 லிகண்ட் அம்பை மறைத்துப் பார்க்கலாம். பி செல் ஐஜிஎம் தயாரிப்பதோடு நின்றுவிடும், ஐஜிஜியும் ஐஜிஏவும் குறைந்துபோகும் என்று படம் சொல்லும். எக்ஸ் குரோமோசோமில் உள்ள இந்த மரபணு பழுதான சிறுவர்களுக்கு வரும் உயர்-ஐஜிஎம் நோய்க்குறியில் இரத்தப் பரிசோதனை காட்டுவது இதையேதான். படம் இதுவரை வென்றுவிட்டது. ஆனால் அந்தச் சிறுவர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் நுரையீரல் அழற்சியும் வருகிறது. ஆன்டிபாடி மட்டுமே குறைந்த மற்றக் குழந்தைகளிடம் அது வழக்கமாகக் காணப்படுவதில்லை. ஆகவே படத்தில் ஓர் அம்பு குறைகிறது. தேடினால் கிடைக்கிறது: உதவி டி செல் அதே சிடி40 லிகண்டால் மேக்ரோஃபேஜையும் டென்ட்ரைட்டிக் செல்லையும் தட்டி எழுப்புகிறது. பி செல்லுக்கு மட்டும் போட்ட கோடு பாதி உண்மைதான். விடுபட்டதை இவ்வளவு துல்லியமாகச் சுட்டிக்காட்டும் வேறு சோதனை இந்த வேலையில் இல்லை.

ஐஆர்எஃப்7 வளையத்தை மறைத்தால் இன்னொரு பாடம் கிடைக்கிறது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதான ஒரு குழந்தை உயிருக்கு ஆபத்தான இன்ஃப்ளூயன்சாவுக்கு உள்ளானதை விவரித்தது. இன்டர்ஃபெரான் பெருகாமல் போனால் முதல் பட்டையிலேயே வைரஸ் வெல்லும் என்று படம் சொன்னது அங்கே மெய்யானது. ஆனால் படம் சொல்வதை அப்படியே நீட்டினால், எல்லா வைரஸும் அந்தக் குழந்தையை இதே அளவில் வீழ்த்தியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பாய்வுப் படத்தின் எல்லை இங்கே தெரிகிறது. அம்பு உண்டு அல்லது இல்லை என்பதை அது காட்டும். ஒரு வழி அடைபடும்போது மற்ற வழிகள் எவ்வளவு ஈடுசெய்யும் என்பதைக் காட்டாது. சமிக்ஞையின் அளவும் அது நீடிக்கும் காலமும் கோட்டின் தடிமனில் அடங்குவதில்லை. கடுமையான இன்ஃப்ளூயன்சாவில் நுரையீரலைச் சிதைக்கும் சைட்டோகைன் பெருக்கில் புதிய அம்பு எதுவும் தேவையில்லை. இருக்கும் அம்புகளே அளவு மீறி ஓடுவது போதும்.

மறுமுறை தொற்றுக்குத் தனித் தாள் எடுப்பது நல்லது. முதல் படத்தின் அடியில் ‘நினைவு செல்’ என்ற வட்டம் போட்டு நிறுத்திவிடுவது வழக்கம். அப்படி நிறுத்தினால் நினைவு என்பது ஒரு முடிவுபோலத் தோன்றும். இரண்டாவது தாளில் அதுவே தொடக்கப் பெட்டி. நினைவு டி செல்களில் சில நுரையீரலிலேயே தங்கியிருக்கின்றன; நினைவு பி செல்களுக்கு நீண்ட தேடல் தேவைப்படுவதில்லை. முன்பே தயாரான ஆன்டிபாடிகள் வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் புரதத்தைப் பற்றிக்கொண்டால், வைரஸ் உள்தோல் செல்லில் ஒட்டுவதற்கே வழியில்லை. அந்தத் தடுப்புக் கோடு படத்தின் உச்சியில், எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது. ஆனால் ஹீமக்ளூட்டினின் தொடர்ந்து உருமாறுவதால், பழைய ஆன்டிபாடியின் பிடி தளர்ந்துகொண்டே போகிறது. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியில் சேர்க்க வேண்டிய வைரஸ் வகைகளைப் புதிதாக ஆராய்ந்து பரிந்துரைக்கிறது.